கூடையில் கட்டிலை வைத்துவிட்டுப் போனவருக்கு வாரம் மூன்று தடவை: தளபாடக் கடைகளுக்கான ரீடார்கெட்டிங் வழிகாட்டி

இரவு பத்து மணிக்குக் களுவாஞ்சிக்குடியில் ஒருவர் தொலைபேசியில் உங்கள் கடையின் இணையத்தளத்தைப் பார்க்கிறார். 85,000 ரூபா மரக் கட்டில் ஒன்றைக் கூடையில் போடுகிறார், டெலிவரிக் கட்டணத்தைப் பார்க்கிறார், மூடிவிட்டுப் படுக்கப் போகிறார். சட்டை வாங்குவதுபோல் அதே இரவில் முடிகிற விஷயம் இல்லை இது. வீட்டில் கேட்க வேண்டும், அறையை அளக்க வேண்டும், சம்பளம் வர வேண்டும், கலியாண வீடென்றால் நாளும் பார்க்க வேண்டும். இப்படி இடையில் விட்டுப் போனவருக்கு மட்டும் பேஸ்புக்கிலும் இன்ஸ்டகிராமிலும் விளம்பரம் காட்டுவதற்குப் பெயர் ரீடார்கெட்டிங்.

இதில் புதியவர்கள் செய்யும் பிழை பெரும்பாலும் ஒன்றுதான்: முதலில் பட்ஜெட்டை முடிவு செய்துவிடுகிறார்கள். “நாளுக்கு ஆயிரம் ரூபா போடுவோம்” என்று தொடங்குகிறார்கள். கொழும்பிலுள்ள பெரிய கடைக்கு அது சிறு தொகை. கல்முனையிலோ கல்லடியிலோ உள்ள கடைக்கு, கூடையில் விட்டுப் போனவர்கள் சில நூறு பேர்தான். அந்தச் சில நூறு பேரிடம் ஆயிரம் ரூபாவைத் தினமும் செலவழித்தால் ஒரே விளம்பரம் ஒருவருக்கு நாளுக்கு நான்கு தடவை வரும். எனவே இங்கே வரிசை மாற வேண்டும். முதலில் எத்தனை பேர் என்று எண்ண வேண்டும், பிறகு ஒருவருக்கு வாரம் எத்தனை தடவை என்று தீர்மானிக்க வேண்டும். பட்ஜெட் அந்த இரண்டிலிருந்தும் தானாக வரும்.

கீழே உள்ள படிகள், பேஸ்புக்கையும் இன்ஸ்டகிராமையும் நடத்தும் மெட்டாவின் விளம்பரக் கருவியான Ads Manager-க்கானவை.

படி 1: கூடை நிகழ்வு சரியாகப் பதிவாகிறதா என்று பாருங்கள்

உங்கள் தளத்தில் மெட்டா பிக்சல் இருக்க வேண்டும். தளத்துக்கு வருபவர் செய்வதை மெட்டாவுக்கு அறிவிக்கும் சிறு கோடு அது. அது குறைந்தது மூன்று நிகழ்வுகளை அனுப்ப வேண்டும்: பொருளைப் பார்த்தது (`ViewContent`), கூடையில் போட்டது (`AddToCart`), வாங்கியது (`Purchase`). கூடையில் போடும் பொத்தானை அழுத்தும்போது ஓட வேண்டிய வரி இப்படி இருக்கும்:

```
fbq('track', 'AddToCart', {
  content_ids: ['BED-6X5'],
  content_type: 'product',
  value: 85000,
  currency: 'LKR'
});
```

விலையில் காற்புள்ளி போடக்கூடாது. `85,000` என்று எழுதினால் கோடு பிழையாகி, நிகழ்வே போகாது. குரோம் உலாவியில் Meta Pixel Helper என்ற நீட்சியை நிறுவி, நீங்களே ஒரு கட்டிலைக் கூடையில் போட்டுப் பாருங்கள். நிகழ்வு ஒரு தடவை மட்டும் தெரிய வேண்டும். இரண்டு தடவை தெரிந்தால், பிளகினும் கையால் ஒட்டிய கோடும் சேர்ந்து ஓடுகின்றன; ஒன்றை எடுத்துவிடுங்கள்.

இரண்டு கோளாறுகள் அடிக்கடி வரும், இரண்டையும் எண்ணிக்கையை வைத்தே பிடிக்கலாம். Events Manager-இல் கூடை நிகழ்வின் எண்ணிக்கையும் பொருளைப் பார்த்த நிகழ்வின் எண்ணிக்கையும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால், கூடை நிகழ்வு பொத்தானில் ஓடாமல் பக்கம் திறக்கும்போதே ஓடுகிறது என்று பொருள். அப்படியானால் சும்மா படம் பார்த்தவர்கள் எல்லோரும் உங்கள் பட்டியலுக்குள் வந்துவிடுவார்கள். மற்றது, தளத்தில் பதிவான ஓடர்களைவிட `Purchase` எண்ணிக்கை குறைவாக இருப்பது. வாடிக்கையாளர் வங்கியின் கட்டணப் பக்கத்துக்குப் போய்ப் பணம் கட்டிவிட்டு, “நன்றி” பக்கத்துக்குத் திரும்பி வருமுன் மூடிவிடுகிறார். நிகழ்வு அந்த நன்றிப் பக்கத்தில்தான் இருக்கிறது. பணம் கட்டிய மனிதர் மெட்டாவின் கணக்கில் இன்னும் வாங்காதவராகவே நிற்பார். ஒரு வார ஓடர்களை எண்ணி ஒப்பிட்டு, பத்தில் இரண்டு மூன்று தவறினால், தளம் செய்து தந்தவரிடம் ஓடர் உறுதியானதும் சேர்வரிலிருந்தே நிகழ்வை அனுப்பும்படி (`Conversions API`) கேளுங்கள். அப்படிச் செய்யும்போது உலாவியும் சேர்வரும் அனுப்பும் ஒரே ஓடருக்கு ஒரே `event_id` போக வேண்டும். இல்லையென்றால் ஒரு விற்பனை இரண்டாக எண்ணப்படும்.

படி 2: பட்டியலை உருவாக்குங்கள், துண்டு போடாதீர்கள்

Audiences பகுதியில் `Custom audience`, அதில் `Website` என்று போய், கடந்த 30 நாட்களில் `AddToCart` செய்தவர்கள் என்று ஒரு பட்டியல் செய்யுங்கள். கடந்த 180 நாட்களில் `Purchase` செய்தவர்களுக்கு இன்னொரு பட்டியல் செய்யுங்கள், அது விலக்குவதற்கு. 180 நாள்தான் இணையத்தளப் பட்டியலுக்கு மெட்டா அனுமதிக்கும் மிக நீண்ட காலம்.

முதல் மூன்று நாள், அடுத்த பதினொரு நாள், அதற்கடுத்த பதினாறு நாள் என்று பட்டியலை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு விளம்பரம் வைக்கும்படி பல பயிற்சிகளில் சொல்லிக்கொடுப்பார்கள். மாதம் பத்தாயிரம் கூடைகள் வரும் கடைக்கு அது நல்ல முறை. நம் பக்கத்துக் கடைக்குப் பொருந்தாது. விளம்பரம் ஓடுவதற்கு ஒரு பட்டியலில் ஏறக்குறைய நூறு பேராவது மெட்டாவால் அடையாளம் காணப்பட வேண்டும். முன்னூறு நானூறு பேரை மூன்றாக வெட்டினால் முதல் துண்டில் முப்பது நாற்பது பேர்தான் மிஞ்சுவார்கள்; அந்த விளம்பரம் ஓடவே ஓடாது. முப்பது நாளுக்கும் ஒரே பட்டியலாக வையுங்கள். அதிலும் நூறு பேர் சேரவில்லையென்றால் காலத்தை 60 நாளாக நீட்டுங்கள்.

பட்டியலில் எத்தனை பேர் என்பதை மெட்டா சரியாகக் காட்டாது. சிறிய பட்டியல்களுக்கு `Below 1,000` என்று மட்டும் எழுதியிருக்கும். எனவே எண்ணிக்கையை நீங்களே கணக்கிட வேண்டும். ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். கல்லடியில் ஷோரூம், மட்டக்களப்பு அம்பாறை இரு மாவட்டங்களுக்கும் டெலிவரி. கடந்த 30 நாளில் 600 பேர் கூடையில் பொருள் போட்டிருக்கிறார்கள், 60 பேர் இணையத்திலேயே வாங்கிவிட்டார்கள், 540 பேர் மீதி. ஐபோனில் பின்தொடர்வதை மறுத்தவர்கள், விளம்பரத் தடுப்பான் வைத்திருப்பவர்கள், பேஸ்புக்கில் இல்லாதவர்கள் எல்லோரும் இதில் கழிவார்கள். நூற்றுக்கு எழுபது பேர் பொருந்துகிறார்கள் என்று வைத்தால் சுமார் 380 பேர். இந்த எழுபது ஓர் அனுமானம்தான். விளம்பரம் இரண்டு வாரம் ஓடியபின், எத்தனை பேர் பார்த்தார்கள் என்று காட்டும் `Reach` எண் உண்மையைச் சொல்லும். இந்த 380-ஐத்தான் இனிக் கையில் வைத்துக்கொண்டு நடக்கப்போகிறோம்.

படி 3: ஷோரூமில் வாங்கியவரை விலக்குங்கள்

தளபாடத்தில் பலரும் தவறவிடும் படி இதுதான், இதற்குத்தான் அதிக கவனம் வேண்டும். எங்கள் ஊர்களில் இணையத்தில் கட்டிலைப் பார்த்தவர் இணையத்தில் பணம் கட்டுவது குறைவு. கூடையில் போட்டதன் ஸ்கிரீன்சொட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பி, “இது இருக்கா, கடைசி விலை என்ன” என்று கேட்பார். அல்லது ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வந்து, மரத்தைத் தட்டிப் பார்த்துக் கையில் காசு கொடுத்து வாங்கிப் போவார். பிக்சலுக்கு இது எதுவும் தெரியாது. கட்டில் வீட்டில் பூட்டியாகிவிட்டது, பிள்ளைகள் அதில் படுத்தாகிவிட்டது, ஆனால் “உங்கள் கட்டில் இன்னும் காத்திருக்கிறது” என்ற விளம்பரம் இன்னும் மூன்று கிழமைக்கு அவர் பின்னாலேயே போகும். அந்த விளம்பரத்தில் விலைக்கழிவும் போட்டிருந்தால், “எனக்கு மட்டும் ஏன் முழு விலை” என்று நேரே கடைக்கு வந்து கேட்பார். கேட்பதிலும் நியாயம் இருக்கிறது.

தீர்வு எளிது, ஆனால் ஒவ்வொரு கிழமையும் கையால் செய்ய வேண்டும். பில் புத்தகத்திலும் வாட்ஸ்அப்பிலும் அந்த வாரம் வாங்கியவர்களின் தொலைபேசி எண்களை ஒரு எக்செல் தாளில் சேர்த்து, CSV கோப்பாகச் சேமித்து, `Customer list` வகைப் பட்டியலாக ஏற்றுங்கள். முதல் எண்ணான 0-ஐ எடுத்துவிட்டு முன்னால் 94 போட வேண்டும்:

```
phone
9477XXXXXXX
9475XXXXXXX
```

எக்செலில் அந்த நிரலை முதலிலேயே Text வடிவத்துக்கு மாற்றாவிட்டால், நீண்ட எண்ணை `9.477E+10` என்று சுருக்கிவிடக்கூடும்; அப்படிச் சேமித்த கோப்பில் ஒருவர்கூடப் பொருந்தமாட்டார். ஏற்றுமுன் கோப்பை Notepad-இல் திறந்து ஒருமுறை கண்ணால் பாருங்கள். இணையத்தளப் பட்டியல் தானாகப் புதுப்பிக்கும், இந்தப் பட்டியல் புதுப்பிக்காது. எனவே திங்கட்கிழமை காலை கடை திறந்ததும் செய்யும் வேலை என்று ஒருவரிடம் ஒப்படையுங்கள்.

எண்ணை இப்படிப் பயன்படுத்தப் போவதை வாடிக்கையாளரிடம் சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். பில்லில் ஒரு வரி அச்சிட்டு, எண் எழுதும்போது வாயாலும் கேட்டுக்கொள்ளலாம். இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டத்துக்கு அப்பால், ஊருக்குள் வியாபாரம் செய்கிறவருக்கு இது மரியாதையும்கூட.

படி 4: தடவை எல்லை

மெட்டாவில் விற்பனை நோக்கத்தைத் (`Sales`) தெரிவு செய்தால், ஒருவருக்கு இத்தனை தடவைக்கு மேல் வேண்டாம் என்று பூட்டுப் போட வழி இல்லை. அதோடு, அந்த முறை யார் வாங்குவார் என்று கற்றுக்கொள்ள ஒரு விளம்பரத் தொகுதிக்கு வாரத்தில் சுமார் 50 விற்பனை வேண்டும். 380 பேர் கொண்ட பட்டியலில் வாரம் 50 கட்டில் விற்காது. எனவே நோக்கமாக `Awareness`, இலக்காக `Maximise reach of ads` என்று தெரிவு செய்யுங்கள். விழிப்புணர்வு என்ற பெயரைக் கண்டு தயங்க வேண்டாம். பட்டியலில் இருப்பவர்கள் ஏற்கனவே கட்டிலைக் கூடையில் போட்டவர்கள். அவர்களுக்குள் யார் நல்லவர் என்று இயந்திரம் தேட வேண்டியதில்லை, எல்லோருக்கும் அளவாகக் காட்டினால் போதும்.

அங்கே `Frequency control` என்ற இடத்தில் `Cap` என்பதைத் தெரிவு செய்து, 7 நாளில் 3 தடவை என்று போடுங்கள். கணக்கு இப்படி: ஒருவர் பட்டியலில் இருக்கும் 30 நாளில் அதிகபட்சம் பன்னிரண்டு பதின்மூன்று தடவை பார்ப்பார். வீட்டில் பேசி முடிவெடுக்கும் ஒரு மாதத்துக்குள் கடை மறந்துபோகாமல் இருக்க அது தாராளம். மூன்றுக்கு மேல் ஏற்ற வேண்டும் என்று தோன்றினால் ஒன்றை நினைவில் வையுங்கள்: இந்த 380 பேரில் பாதிப்பேர் உங்களைச் சந்தையிலும் கோயில் திருவிழாவிலும் பள்ளிவாசலிலும் காண்பவர்கள். அவர்களுக்குச் சலிப்பூட்டினால் அது அடுத்த கலியாணத் தளபாட ஓடர்வரைக்கும் போகும்.

இந்த எல்லை ஒவ்வொரு விளம்பரத் தொகுதிக்கும் (`Ad set`) தனித்தனி. இரண்டு தொகுதிகள் ஒரே ஆட்களைக் குறிவைத்தால் மூன்றும் மூன்றும் ஆறாகிவிடும். பொது விளம்பரம் வேறு ஓடுகிறதென்றால், அதிலிருந்து இந்தக் கூடைப் பட்டியலை விலக்குங்கள்.

அடுத்து இரண்டு பொத்தான்கள். மெட்டா இப்போது பட்டியலை ஒரு “யோசனை”யாக மட்டும் எடுத்துக்கொண்டு வெளியாட்களுக்கும் காட்ட முனையும். Advantage+ audience என்று அதற்குப் பெயர். `Switch to original audience options` என்பதை அழுத்திப் பழைய முறைக்கு மாறுங்கள். பெயர் அவ்வப்போது மாறும், எனவே விளைவை வைத்துச் சோதியுங்கள்: 380 பேர் பட்டியலில் இருக்க, `Reach` 4,000 என்று காட்டினால் விளம்பரம் வெளியே கசிகிறது. மற்றது, விளம்பரம் தோன்றும் இடங்களில் Audience Network-ஐ எடுத்துவிடுங்கள். அது விளையாட்டுச் செயலிகளின் ஓரத்தில் மலிவாகத் தோன்றும். அந்த மலிவான தோற்றங்களும் மூன்றில் ஒன்றாக எண்ணப்பட்டு, ஒழுங்காகப் பார்க்கும் வாய்ப்பைத் தின்றுவிடும்.

இடத்தெரிவில் மட்டக்களப்பு, அம்பாறை என்று மட்டும் போட்டு நிறுத்திவிடாதீர்கள். தங்கையின் கலியாணத்துக்குக் கட்டாரிலிருந்தோ கனடாவிலிருந்தோ அலுமாரியும் கட்டிலும் கூடையில் போடுகிற அண்ணன்மார் இருக்கிறார்கள். பணம் கட்டப்போவது அவர்கள்தான். இலங்கை முழுவதையும், உங்கள் ஓடர்கள் வரும் நாடுகளையும் சேருங்கள். கனடாவில் விளம்பர விலை இலங்கையைவிடப் பல மடங்கு கூட, எனவே வாரம் ஒருமுறை நாடுவாரியாகச் செலவைப் பிரித்துப் பாருங்கள்.

படி 5: இப்போது பட்ஜெட்

ஆயிரம் தடவை காட்டுவதற்கு ஆகும் செலவுக்கு CPM என்று பெயர். உங்கள் கணக்கில் முன்பு ஓடிய விளம்பரங்களில் அந்த எண் இருக்கும். அதைவிடச் சற்றுக் கூட்டி எடுங்கள், சிறிய பட்டியலுக்கு விலை ஏறும். எங்கள் எடுத்துக்காட்டில் 600 ரூபா என்று வைப்போம்.

```
வாரச் செலவு = ஆட்கள் × தடவை × CPM ÷ 1000
            = 380 × 3 × 600 ÷ 1000
            = 684 ரூபா
```

நாளுக்கு 98 ரூபா, மாதத்துக்கு மூவாயிரத்துக்கும் சற்றுக் குறைவு. இவ்வளவுதானா என்று தோன்றும், ஆம், இவ்வளவுதான். இதே பட்டியலில் எல்லையில்லாமல் நாளுக்கு ஆயிரம் ரூபா போட்டால் வாரம் 7,000 ரூபாவுக்கு 11,600க்கு மேற்பட்ட தடவை காட்டும், ஆளுக்கு முப்பது தடவை.

98 ரூபாவை மெட்டா ஏற்காமல், குறைந்தபட்சத் தொகை இவ்வளவு என்று சொல்லக்கூடும். பயப்படாமல் அந்தக் குறைந்தபட்சத்தையே போடுங்கள். தடவை எல்லை இருப்பதால் ஆட்கள் தீர்ந்ததும் விளம்பரம் தானாக நிற்கும், செலவாகாத பணம் அறவிடப்படாது. “உங்கள் பட்ஜெட் முழுதும் செலவாகவில்லை, பட்டியலை விரிவாக்குங்கள்” என்று திரையில் வரும் ஆலோசனையை இங்கே ஏற்கக்கூடாது. நாள் பட்ஜெட் ஒரு சராசரிதான் என்பதையும் கவனியுங்கள். சில நாள் கூடும், சில நாள் குறையும், ஒரு வாரத்தில் ஏழு மடங்கைத் தாண்டாது. ஒரு நாள் எண்ணைப் பார்த்துப் பதறி மாற்றாமல் வாரக் கணக்கைப் பாருங்கள்.

விளம்பரத்துக்கென்று மாதம் 30,000 ரூபா ஒதுக்கியிருந்தால், மீதி 27,000-ஐப் புதிய ஆட்களைத் தளத்துக்குக் கொண்டுவரப் பயன்படுத்துங்கள். கூடைப் பட்டியல் பெருகுவது அதனால்தான். அது பெருகும்போது இதே கணக்கைத் திரும்பப் போட்டு இந்தப் பட்ஜெட்டை ஏற்றலாம்.

படி 6: என்ன எழுதுவது

கட்டில், அலுமாரி, செற்றி மூன்றும் பக்கம்பக்கமாகத் தள்ளிப் பார்க்கும் ஒரே கரசல் விளம்பரம் போதும். எழுத்தில், அவர் எதற்காக நிறுத்தினார் என்ற கேள்விக்குப் பதில் இருக்க வேண்டும். தளபாடத்தில் காரணங்கள் பெரும்பாலும் நான்கு: டெலிவரிக் கட்டணம், அளவு, பூட்டித் தருவார்களா என்ற சந்தேகம், முழுப் பணமும் ஒரேயடியாகக் கையில் இல்லாதது. இப்படி எழுதலாம்:

“6 அடிக்கு 5 அடிக் கட்டில், கழற்றிக் கொண்டுவந்து உங்கள் அறையிலேயே பூட்டித் தருவோம். வாசல் ஒடுக்கமென்றாலும் உள்ளே போகும். படுவான்கரைக்கும் லொறி வரும், கட்டணத்தை வாட்ஸ்அப்பில் முன்கூட்டியே சொல்லிவிடுவோம்.”

படுவான்கரை என்று பெயர் சொல்லி எழுதுவதற்குக் காரணம் உண்டு. கொக்கட்டிச்சோலையில் இருப்பவருக்கு, வாவிக்கு மறுகரையில் உள்ள கடை தன் வீட்டுவரை வருமா என்பதுதான் முதல் கேள்வி. பொத்துவில், திருக்கோவில் பக்கமும் அப்படியே.

விலைக்கழிவை முதலிலேயே போட வேண்டாம். கூடையில் விட்டால் விலை குறையும் என்று ஆட்கள் பழகிவிட்டால், அதன்பிறகு முழு விலைக்கு யாரும் வாங்கமாட்டார்கள். மாதம் ஒருமுறை படத்தை மாற்றுங்கள். கலியாணங்கள் கூடும் மாதங்களில் கட்டிலும் அலுமாரியும் முன்னால் வரட்டும்.

ஓடத் தொடங்கியபின்

வாரம் ஒருமுறை மூன்று எண்களைப் பாருங்கள்: `Reach`, `Frequency`, இணைப்பை அழுத்தியவர்கள். `Frequency` என்பது ஒருவர் விளம்பரத்தைப் பார்த்த தடவைகளின் சராசரி. அது 3-ஐ நெருங்கி, அழுத்துபவர்கள் இரண்டு வாரமாகக் குறைந்துகொண்டே போனால், எழுத்தோ படமோ பழசாகிவிட்டது. `Frequency` 3-ஐத் தாண்டினால், பார்க்கும் காலம் ஏழு நாளைவிட நீளமாக இருக்கிறதா என்று முதலில் சரிபாருங்கள். 30 நாளுக்குத் திறந்து வைத்தால் அது பத்துக்கு மேலும் காட்டும், அது கோளாறு அல்ல.

விற்பனையை மெட்டா சொல்வதுபோல் அப்படியே எடுக்காதீர்கள். விளம்பரத்தை அழுத்தி ஏழு நாளுக்குள் வாங்கினாலும், அழுத்தாமல் பார்த்துவிட்டு ஒரு நாளுக்குள் வாங்கினாலும் தன் கணக்கில் சேர்ப்பது அதன் வழக்கமான அமைப்பு. விளம்பரம் இல்லாமலேயே வாங்கியிருப்பவரும் அதற்குள் வருவார். மூன்று வாரம் யோசித்து ஷோரூமில் வாங்கியவர் வரமாட்டார். இதற்குப் பில் புத்தகத்தில் ஒரு சிறு கட்டம் போடுங்கள். “இணையத்தில் பார்த்தீர்களா, அதற்குப் பிறகு எங்கள் விளம்பரம் கண்ணில் பட்டதா” என்று கேட்டு ஆம், இல்லை என்று குறியுங்கள். கட்டிலில் நூற்றுக்கு இருபது இலாபம் என்றால் 17,000 ரூபா. மாதம் ஒரு மேலதிக விற்பனை நிகழ்ந்தாலே மூவாயிரம் ரூபா விளம்பரச் செலவு பல தடவை திரும்பிவிடும். இரண்டு மாதம் குறித்தும் அப்படி ஒன்றுகூடத் தெரியாவிட்டால் தடவையைக் கூட்டாமல், டெலிவரிக் கட்டணம் தளத்தில் எந்தப் பக்கத்தில் முதன்முதலாகத் தெரிகிறது என்று போய்ப் பாருங்கள். பணம் கட்டும் கடைசிப் பக்கத்தில்தான் அது தெரிகிறதென்றால், பொருள் பக்கத்துக்கே கொண்டுவாருங்கள். கூடைகள் விடுபடுவது அங்கேயே குறையத் தொடங்கும்.